போர்டில் 12 படுக்கை, ஆய்வாளர் எண்ணியது 9: நர்சிங் ஹோம் கிளெயிம் ஏன் நின்றது?

தக்கலை செல்வி: அம்மைக்கு டெங்கு. தக்கலை பக்கம் ஒரு நர்சிங் ஹோமில 4 நாள் அட்மிட், பில் 38,400 ரூபாய். மருத்துவக் காப்பீட்டு பாலிசி சொல்ற ‘மருத்துவமனை’ வரையறைக்குள்ள இது வராதுன்னு கிளெயிமைத் தள்ளிட்டாங்க. போர்டுல 12 படுக்கைன்னு இருக்கு, அரசு பதிவுச் சான்றும் மாட்டியிருக்கு. பிறகு எப்படி?

குழித்துறை ராஜன்: பதிவுச் சான்று இருந்தா முடிஞ்சது. வரையறையில ‘பதிவு அல்லது குறைந்தபட்சத் தகுதிகள்’னுதான் இருக்கு. பதிவு இருக்கிற இடத்துல கட்டிலை எண்ண அவங்களுக்கு வேலையே இல்ல.

மேலாங்கோடு: ‘அல்லது’ என்பது சரி, ராஜன். ஆனால் எந்தப் பதிவு என்று பாருங்கள். மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்யும் 2010-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி பதிவு, இல்லையென்றால் அதன் 56(1) பிரிவுக்கான அட்டவணையில் உள்ள மாநிலச் சட்டங்களின்படி பதிவு. தமிழ்நாட்டில் நடப்பது நம்முடைய 1997 சட்டமும் அதன் 2018 விதிகளும். அந்த அட்டவணையில் நம் சட்டம் இல்லை. பல கம்பெனிகள் இதைப் பெரிதுபடுத்தாமல் நம் சான்றை ஏற்கின்றன. மறுக்க நினைக்கும் கம்பெனியோ நேராக இரண்டாம் பாதிக்குப் போய்விடும்: படுக்கை, நர்ஸ், டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், பதிவேடு. செல்வி, மறுப்புக் கடிதத்தில் எதைச் சுட்டியிருக்கிறார்கள்?

தக்கலை செல்வி: கம்பெனி அனுப்பின ஆய்வாளர் வந்து பார்த்ததுல 9 படுக்கைதான்னு எழுதியிருக்கு. ராத்திரி ட்யூட்டி சிஸ்டருக்குப் பதிவு எண் இல்லையாம். மூணாவது, கேஸ் ஷீட் ‘ஐயத்துக்குரியது’.

பார்வதிபுரம் மணி: 9 என்ன, 12 இருந்தாலும் தேறாது. 10 லட்சம் பேருக்கு மேல உள்ள இடத்துல 15 படுக்கை வேணும். நம்ம மாவட்டத்துல 2011 கணக்குலேயே 18 லட்சத்துக்கு மேல ஆள் இருக்கு.

மேலாங்கோடு: அப்படிக் கூட்டக்கூடாது, மணி. ஊரின் மக்கள்தொகைதான் கணக்கு, மாவட்டத்தினுடையது அல்ல. நாகர்கோவிலே 10 லட்சத்தைத் தொடவில்லை. எனவே இங்கே எங்கும் 10 படுக்கை போதும்.

அந்த 10-ஐ எண்ணுவதில்தான் சிறிய இடங்கள் தவறுகின்றன. டிரிப் ஏற்றி அனுப்புவதற்காகக் கேஷுவாலிட்டி அருகே போட்ட இரண்டு கட்டில், பிரசவ மேஜை எல்லாவற்றையும் சேர்த்தே போர்டில் 12 என்று எழுதுவார்கள். ஆய்வாளரோ இரவு நோயாளி தங்கும் கட்டிலை மட்டும் எண்ணுவார். செல்வி, பதிவு விண்ணப்பத்தில் எத்தனை படுக்கை காட்டியிருக்கிறார்கள் என்று நகல் கேளுங்கள். வார்டில் 10 என்று அதில் இருந்து, ஆய்வு நாளில் ஒரு அறை பூட்டியிருந்திருந்தால் அது வலுவான பதில்.

நர்ஸ் விஷயம் இதைவிடக் கடினம். நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்றவரையே வரையறை ஏற்கும். தனியார் நிலையத்தில் ஓராண்டு உதவியாளர் பயிற்சி முடித்த பெண் எத்தனை திறமையாக ஊசி போட்டாலும் கணக்கில் வரமாட்டார். 24 மணி நேரம் என்றால் வாரத்துக்கு 21 ஷிப்ட். ஒருவர் ஆறு ஷிப்ட் பார்த்தால் நான்கு பேராவது வேண்டும். பல இடங்களில் பதிவுபெற்றவர் இருவர். அவர்கள் பகலைப் பார்த்துக்கொள்ள, ராத்திரி காலி. உங்கள் அம்மா இருந்த 4 இரவுகளுக்கும் யார் ட்யூட்டி என்ற ரோஸ்டர், அவர்களின் பதிவுச் சான்று, சம்பளப் பதிவேட்டில் அதே பெயர்கள், இவை மூன்றும் ஒத்துப்போகவேண்டும்.

கருங்கல் லீலா: எங்க மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செஞ்ச இடத்துல 4 கட்டில்தான். பைசா வந்துச்சே?

மேலாங்கோடு: அது அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பும் டே-கேர் மையம், லீலா. அதற்கு வரையறை தனி; படுக்கை எண்ணிக்கை நிபந்தனை அதில் கிடையாது. நாலு நாள் காய்ச்சல் அட்மிஷனுக்கு அது பொருந்தாது.

தக்கலை செல்வி: கேஸ் ஷீட்டை ஏன் சந்தேகப்படுறாங்க அண்ணே? அம்மை உண்மையிலேயே படுத்திருந்தாங்க.

மேலாங்கோடு: அதை யாரும் மறுக்காமலும் இருக்கலாம், தங்கச்சி. காலை, மதியம், இரவு மூன்று ஷிப்டின் காய்ச்சல் சார்ட்டும் ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில் இருந்தால், டிஸ்சார்ஜ் நாளில் உட்கார்ந்து எழுதியது என்று தெரிந்துவிடும். உள்நோயாளிக்குத் தரும் ஐ.பி. எண் வரிசை தேதியோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்ப்பார்கள். டெங்குவில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு: தினமும் பிளேட்லெட் எடுத்திருப்பார்கள். லேப் பதிவேட்டில் இருக்கும் தேதியும் நேரமும், மருந்துக்கடை பில்லும் அம்மா அங்கே இருந்ததைத் தனியாகக் காட்டும். ஆனால் அவை நர்ஸ் குறையை அடைக்காது.

குழித்துறை ராஜன்: சட்டப்படி பதிவு பண்ணின இடத்தை அட்டவணையில இல்லன்னு தள்ளுறது நியாயமில்ல. அதைத்தான் முதல்ல வைக்கணும். தியேட்டர் இல்லன்னு நாளைக்குச் சொன்னா? காய்ச்சலுக்குத் தியேட்டர் எதுக்கு?

மேலாங்கோடு: தியேட்டர் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ‘அறுவை செய்யும் இடத்தில் மட்டும் தியேட்டர் வேண்டும்’ என்று வாசிக்க அந்த வரி இடம் தருகிறது, எல்லா இடத்திலும் வேண்டும் என்று எதிராகவும் வாசிக்கிறார்கள். பதிவு வாதத்தையும் வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி ரோஸ்டரை விட்டுவிடாதீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள், ஆய்வாளர் அறிக்கையின் நகலையும் அதிலேயே கேளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மறுபடியும் மறுத்தாலோ, சென்னை காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். மறுப்பு வந்ததிலிருந்து ஓராண்டுக்குள்.

குழித்துறை ராஜன்: நான் இன்னும் பதிவைத்தான் முதல் வரியா எழுதுவேன்.

தக்கலை செல்வி: ரோஸ்டர் கேட்டதுக்கு ‘டாக்டர் வரட்டும்’னு சொல்றாங்க. லேப் பதிவேட்டு நகல் மட்டும் இன்னைக்குக் கெடச்சிருக்கு. நாலு நாள் தேதியும் நேரமும் அதுல இருக்கு.