தந்த கோர்ட்டுகளோடு மெட்டு ஒட்டவில்லை, உதவி தேவை

கண்டாவளை ஆசிரியை

வணக்கம். எங்கள் பாடசாலையின் பொங்கல் விழாவுக்காக ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு பாடல் அமைக்கிறேன். கிற்றார் வாசிக்கும் தம்பி ஒருவர் நான்கு கோர்ட்டுகளைப் பதிவு செய்து அனுப்பிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நான் போட்ட மெட்டைத் தனியாகப் பாடினால் நன்றாக இருக்கிறது, ஆனால் கிற்றாரோடு சேர்த்தால் இரண்டும் வெவ்வேறு பாடல்கள் போலக் கேட்கின்றன. பிள்ளைகளின் மனத்திலும் அது நிற்கவில்லை. நேற்றுப் பாடியதை இன்று மறந்துவிடுகிறார்கள். விழாவுக்கு 9 நாட்களே இருக்கின்றன. பிழை எங்கே என்று யாராவது சொல்லுங்கள்.

மாங்குளத்தான்

எந்த நான்கு கோர்ட்டுகள், ஒவ்வொன்றும் எத்தனை தட்டுக்கு நிற்கிறது, நீங்கள் எதை ஸ என்று வைத்துப் பாடுகிறீர்கள், மெட்டின் சுரங்கள் எவை என்பவற்றில் ஒன்றையேனும் எழுதவில்லையே, ரீச்சர். இவை இல்லாமல் எவரும் பதில் சொல்ல முடியாது.

ஓமந்தைக் கீபோர்ட்

எனக்கும் இதே நிலை ஒரு கோயில் திருவிழாவில் நேர்ந்தது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் ஒரு படி கூடியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. நீங்களும் முதலில் அதையே பாருங்கள். கிற்றாரில் கேப்போ போட்டு வாசித்திருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

மாங்குளத்தான்

அப்படியானால் முதற் சுரத்திலிருந்தே எல்லா இடத்திலும் நாராசமாகக் கேட்கும். ரீச்சர், எல்லா இடத்திலும் ஒட்டவில்லையா, அல்லது குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமா?

சுரஞானி

இந்த இழைகளில் நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதையே மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. சரளி வரிசையும் அலங்காரமும் முறையாகப் பயிலாமல் மெட்டமைக்க இறங்கினால் இதுதான் விளைவு. எந்த இராகம் என்று தீர்மானித்தீர்களா? அதைத் தீர்மானித்துவிட்டு வாருங்கள், பிறகு கோர்ட்டைப் பற்றிப் பேசலாம்.

கண்டாவளை ஆசிரியை

மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஏ என்ற சுருதியையே ஸ என்று வைத்திருக்கிறேன். கோர்ட்டுகள் ஏ மைனர், எஃப் மேஜர், சி மேஜர், ஈ மேஜர். ஒவ்வொன்றும் நான்கு தட்டு; வேகம் நிமிடத்துக்கு 80 தட்டு. ஒரு தட்டுக்கு இரண்டு சுரமாக எழுதியிருக்கிறேன்:

```
ஏ மைனர் | ஸ ரி க ம ப ம க ரி
எஃப்     | ஸ ரி க ம ப ம க ரி
சி       | ரி க ம ப த ப ம க
ஈ       | நி – – – ப – – –
```

முதல் இரண்டு கட்டங்களில் பெரிய குறை தெரியவில்லை. மூன்றாவதில் விலகத் தொடங்குகிறது, நான்காவதில் நி வரும்போது பல் கூசுகிறது. இராகம் நடபைரவி என்று நினைத்தே பாடினேன்.

முழங்காவில் கிற்றார்

காரணம் தெளிவாகத் தெரிகிறது. கோர்ட்டில் இல்லாத சுரங்களை மெட்டில் வைத்திருக்கிறீர்கள். ஏ மைனரில் ஸ, க, ப மட்டுமே உண்டு. ரியும் மவும் அங்கே வரக்கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் அந்தந்தக் கோர்ட்டின் மூன்று சுரங்களை மட்டும் வைத்துப் பாடுங்கள், ஒருபோதும் மோதாது.

வட்டக்கச்சி வயலின்

தம்பி சொல்வதில் பாதி உண்மை. அப்படிப் பாடினால் மோதாது, ஆனால் கிற்றார்க்காரர் விரலால் கோர்ட்டைப் பிரித்து மீட்டுவதைப் பிள்ளைகள் வாயால் பாடுவது போலாகிவிடும். கோர்ட்டில் இல்லாத சுரம் வருவது பிழையன்று. அது எந்த இடத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே கேள்வி.

ரீச்சர், காலால் தாளம் தட்டிக்கொண்டு, தட்டு விழும் இடத்துச் சுரங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு முழுத் தட்டு நீட்டிப் பதிவோடு பாடிப் பாருங்கள். முதற் கட்டத்தில் ஸ, க, ப, க என்று வரும். நான்கும் ஏ மைனரின் சுரங்கள். இடையிலுள்ள ரியும் மவும் தட்டுக்கு வெளியே, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் படியாக நடந்து கடந்துவிடுவதால், காது அவற்றைக் குற்றமாக எண்ணுவதில்லை. இரண்டாம் கட்டத்திலும் அதே ஸ, க, ப, க. எஃப் கோர்ட்டில் ப இல்லை, ஆனாலும் அது மெல்லிய உரசல்தான், மென்மையான பாடல்களில் விரும்பியே வைப்பார்கள்.

மூன்றாம் கட்டத்தைப் பாருங்கள். தட்டு விழும் சுரங்கள் ரி, ம, த, ம. சி கோர்ட்டின் சுரங்களோ க, ப, நி. ஒன்றுகூடத் தட்டில் விழவில்லை. அதைவிட ரி, ம, த மூன்றும் சேர்ந்தால் பி டிமினிஷ்ட் என்ற வேறொரு கோர்ட் ஆகிவிடும். கிற்றார் சி வாசிக்க, உங்கள் மெட்டு பி டிமினிஷ்டைப் பாடுகிறது. இரண்டு பாடல்கள் போலக் கேட்பதற்கு இதுவே காரணம். நீங்கள் தேர்ந்த சுரங்களில் குற்றமில்லை. அரைத் தட்டு தள்ளி நிற்கின்றன, அவ்வளவுதான். அந்தக் கட்டத்தை க ம ப த நி த ப ம என்று தொடங்கினால், அதே ஏற்ற இறக்கத்தில் தட்டுகள் க, ப, நி, ப மேல் வந்து விழும்.

நான்காம் கட்டத்தின் துன்பம் வேறு வகை. ஈ மேஜரில் ஒலிப்பது காகலி நி. நீங்கள் பாடுவது கைசிகி நி. இரண்டுக்கும் இடையே அரைச் சுர தூரமே உண்டு, அதுவும் முதல் தட்டில், இரண்டு தட்டு நீளம். கடந்து போகும் சுரமாக இருந்தால் காது பொறுத்துக்கொள்ளும். குந்தியிருக்கும் சுரத்தைப் பொறுக்காது.

முழங்காவில் கிற்றார்

ஈ மேஜருக்குப் பதிலாக ஈ மைனர் வாசிக்கச் சொன்னால் கைசிகி நி அப்படியே பொருந்தும். மெட்டை மாற்றத் தேவையில்லை.

வட்டக்கச்சி வயலின்

பொருந்தும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதிவு முடிந்துவிட்டது என்று அவர் முதலிலேயே எழுதியிருக்கிறார். தவிரவும், காகலி நி அரைச் சுரம் ஏறி ஸவில் இறங்க ஏங்குவதால்தான் நான்காம் கட்டம் மீண்டும் முதற் கட்டத்தை அழைக்கிறது. ஈ மைனரில் அந்த இழுவை தளர்ந்துவிடும்.

சுரஞானி

நடபைரவி 20ஆவது மேளம், கீரவாணி 21ஆவது மேளம். இரண்டுக்கும் வேற்றுமை நிஷாதம் ஒன்றே. மூன்றாம் கட்டத்தில் கைசிகியும் நான்காம் கட்டத்தில் காகலியும் பாடுவது இராகத்தைச் சிதைப்பது. ஒன்று நடபைரவி, அல்லது கீரவாணி. ஏதேனும் ஒன்றில் நில்லுங்கள்.

வட்டக்கச்சி வயலின்

ஐயா, தங்கள் கணக்கில் பிழையில்லை. ஆனால் தரப்பட்ட கோர்ட்டுகளே இரண்டு நிஷாதத்தையும் கொண்டு வருகின்றன. சி மேஜரில் கைசிகி, ஈ மேஜரில் காகலி. முழுதும் கீரவாணி பாடினால் சி கோர்ட்டின் மேல் காகலி நி மோதும். முழுதும் நடபைரவி பாடினால் இப்போதுள்ள மோதலே நீடிக்கும். நிஷாதத்தையே தொடாமல் பாடலாம், ஆனால் அப்போது நான்காம் கட்டம் சொல்ல வந்ததைச் சொல்லாமல் போய்விடும்.

சுரஞானி

அப்படியானால் அதற்கு இராகப் பெயர் சூட்ட வேண்டாம். கோர்ட் வரிசைக்காக இராகத்தை வளைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

மாங்குளத்தான்

பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள் என்ற இரண்டாவது குறையை எல்லோரும் விட்டுவிட்டோம். ஒரு கட்டத்துக்கு எட்டுச் சுரம், மூச்சு விட இடமில்லை. எதை அவர்கள் நினைவில் வைப்பார்கள்? ரீச்சர், பாடலின் முதலடிச் சொற்கள் என்ன?

கண்டாவளை ஆசிரியை

"நெற்கதிர் ஆடுதே, நீரலை பாடுதே." இரணைமடு வாய்க்கால் ஓரத்து வயல்களைப் பற்றியது.

மாங்குளத்தான்

நான் தமிழ் படிப்பிப்பவன், அதனால் இது உடனே கண்ணில் பட்டது. நான்கு சொற்களும் கூவிளம். நெற் என்று ஓர் அழுத்தம், க என்று ஒரு குறில், திர் என்று மீண்டும் ஓர் இருப்பு. நீளம், குறுக்கம், நீளம். சொல்லே தாளத்தைத் தந்துவிட்டது, நீங்கள் அதன் மேல் எட்டுச் சுரத்தை ஏற்றி மூடிவிட்டீர்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு சொல் வைத்தால் என்ன?

வட்டக்கச்சி வயலின்

அருமையான கண்டுபிடிப்பு, ஐயா. அப்படியே செய்து பார்த்தேன். முதல் அசை ஒன்றரைத் தட்டு, குறில் அரைத் தட்டு, கடைசி இரண்டு தட்டு. நீண்ட இரண்டும் தட்டு ஒன்றிலும் மூன்றிலும் விழுவதால் அவை கோர்ட்டின் சுரமாக இருக்க வேண்டும். குறில் தட்டுக்கு வெளியே விழுவதால் அதைக் கடந்து போகும் சுரமாக வைக்கலாம்.

```
நெற்கதிர் | ஏ மைனர் | க, ம, ப
ஆடுதே    | எஃப்     | த, நி, மேல் ஸ
நீரலை    | சி       | நி, த, ப
பாடுதே   | ஈ       | ரி, ஸ, கீழ் காகலி நி
```

முதல் இரண்டு சொற்கள் ஏறுகின்றன, அடுத்த இரண்டு இறங்குகின்றன. நான்கிலும் தாளம் ஒன்றே. மூன்று சுரம் படிப்படியாக நடக்கும் வடிவமும் ஒன்றே. திரும்பத் திரும்ப வருவதால் காதில் ஒட்டும், ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில் வருவதால் சலிக்காது. 80 வேகத்தில் இது 12 விநாடியில் முடிந்துவிடும், ஆகவே இருமுறை பாடலாம். உங்கள் பழைய எட்டுச் சுர ஓட்டத்தை வீசிவிட வேண்டாம். மூன்றாம் கட்டத்தைத் திருத்திக்கொண்டு, நான்காவதில் கைசிகிக்குப் பதிலாகக் காகலி நி வைத்து, அதைச் சரணத்தில் பயன்படுத்துங்கள். அமைதியான அடிக்குப் பிறகு அந்த ஓட்டம் எடுப்பாகக் கேட்கும்.

முழங்காவில் கிற்றார்

நான் வாசித்துப் பார்த்தேன். இரண்டாம் கட்டத்தில் வரும் நி எஃப் கோர்ட்டில் இல்லை, ஆனாலும் கேட்கும்போது தெரியவேயில்லை. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் ப இலிருந்து ரிக்கு இறங்கும் தாவலைப் பிள்ளைகள் தவறவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓமந்தைக் கீபோர்ட்

அப்படியானால் டிரான்ஸ்போஸ் பிரச்சினை இல்லையா? ரீச்சர், ஒருமுறை பார்த்துவிடுங்கள், எதற்கும் நல்லது.

கண்டாவளை ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. இன்று இரண்டாம் பாடவேளையில் சொல்லிக்கொடுத்தேன். இடைவேளையில் பிள்ளைகள் தண்ணீர்த் தாங்கியருகே நின்று "ஆடுதே" என்று தாமாகவே பாடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் கட்டம் இப்போது பதிவோடு இணைந்து போகிறது. தம்பி பயந்த தாவலை இரண்டு முறையில் பிடித்துவிட்டார்கள். ஆனால் கடைசிக் காகலி நியில் நிற்காமல் பாதிப்பேர் ஸவுக்கு ஏறிவிடுகிறார்கள். அதைத் திருத்த வழியுண்டா?

வட்டக்கச்சி வயலின்

அது தன் இயல்பிலேயே ஸவுக்கு இழுக்கும் சுரம், ஆகவே பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அந்த இரண்டு தட்டை ஒன்றாகக் குறைத்து, மிஞ்சும் தட்டில் மூச்சு விடச் சொல்லுங்கள். அல்லது பதிவை நான்காம் கட்டத்திலேயே நிறுத்தி, ஈ கோர்ட்டை நீளவிட்டு, அதன் மேல் அந்த ஒரு சுரத்தை மட்டும் பத்து முறை பாடச் சொல்லுங்கள். அப்படியும் ஏறினால், முதல் முறை பாடும்போது ஏறவே விடலாம். ஈ கோர்ட்டின் மேல் ஸ தொங்கி நிற்பது போலக் கேட்கும், இரண்டாம் முறை நியில் இறக்கினால் போதும்.

சுரஞானி

அந்தச் சுரத்தைத் தம்புராவோடு பயிற்றுங்கள், கோர்ட்டோடு அல்ல. ஸ ஒலித்துக்கொண்டே இருக்கும்போதுதான் காகலி நி எவ்வளவு கீழே என்று பிள்ளைக்குப் புரியும். இதை மட்டும் என் சொல்லாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

கண்டாவளை ஆசிரியை

நாளை இரண்டையும் செய்து பார்க்கிறேன், ஐயா.