படம் ஒட்டிய சார்ட்டை ஐந்தாம் நாளே பையன் திரும்பிப் பார்ப்பதில்லை, எங்கே தவறு?

ஈரோடு அம்மா
என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. ஏடிஎச்டி என்று போன வருடம் சொன்னார்கள். காலை 6.30க்கு எழுப்பினால் 7.50க்கு வேன் ஏற்றுவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. அதனால் ஒரு சார்ட் செய்தேன். எழுந்திருப்பது முதல் இரவு தூங்குவது வரை மொத்தம் 16 படங்கள், எல்லாம் இணையத்தில் எடுத்து கலர் பிரிண்ட் போட்டது. லேமினேஷன் செய்து ஹாலில் டிவிக்கு மேலே ஒட்டினேன். முதல் நான்கு நாள் ஓடிப்போய்ப் பார்த்தான். இப்போது அது சுவரில் காலண்டர் மாதிரி தொங்குகிறது. "சார்ட்டைப் பார், அடுத்து என்ன?" என்று நான்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். படங்களை மாற்ற வேண்டுமா? இல்லை, இவனுக்கு இது ஒத்துவராதா?

கணேஷ்
எங்கள் வீட்டில் செய்தது சொல்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே கட்டம் போடுங்கள். செய்தால் ஸ்டார், செய்யாவிட்டால் சிவப்புப் பேனாவில் பெருக்கல் குறி. ஞாயிறு அன்று 50 ஸ்டார் இருந்தால் பொம்மை. பிள்ளைகளுக்கு ஏதாவது கிடைக்கும் என்றால்தான் செய்வார்கள்.

மலர்விழி (சிறப்பு ஆசிரியை)
ஈரோடு அம்மா, சார்ட் ஒத்துவராது என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். மூன்று விஷயம் சொல்லுங்கள். காலையில் அவன் சரியாக எந்த இடத்தில் நின்றுபோகிறான்? ஒரு வேலை முடிந்ததும் சார்ட்டில் அவன் கையால் செய்ய ஏதாவது இருக்கிறதா? படத்தில் இருக்கும் பாத்ரூம் உங்கள் வீட்டுப் பாத்ரூம்தானா?

கணேஷ் சார், ஏதாவது கிடைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் திங்கள் காலை பல் தேய்த்ததற்கு ஞாயிறு பொம்மை என்பது இந்தக் குழந்தைகளுக்கு வெகு தூரம். அப்புறம் அந்தச் சிவப்புக் குறி. புதன்கிழமைக்குள் நான்கு சிவப்பு விழுந்துவிட்டால் சார்ட் இருக்கும் பக்கமே வரமாட்டான்.

ஈரோடு அம்மா
பல் தேய்க்கப் போகிறவன் குழாயைத் திறந்துவிட்டு வாளியில் விளையாடுவான். அடுத்து, யூனிஃபார்ம் போடும்போது ஒரு கால் மட்டும் நுழைத்த நிலையில் பொம்மைக் காரோடு உட்கார்ந்திருப்பான். கையால் செய்ய எதுவும் இல்லை மேடம், பார்ப்பது மட்டும்தான். படத்தில் இருப்பது வெளிநாட்டு வாஷ்பேசின், எங்கள் வீட்டில் குழாயும் வாளியும்.

சுந்தர்
எனக்கும் இதே தேவைதான். என் மகன் எட்டாம் வகுப்பு, படிப்பில் கவனமே இல்லை. அரையாண்டுத் தேர்வுக்கு நல்ல டைம்டேபிள் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.

மலர்விழி (சிறப்பு ஆசிரியை)
சுந்தர் சார், இங்கே பேசுவது பல் தேய்ப்பது, உடை போடுவது போன்ற வேலைகளுக்கான படச் சார்ட். 13 வயதுப் பையனிடம் படம் காட்டினால் சிறுபிள்ளையாக நடத்துகிறோம் என்று கோபப்படுவான். அவனோடு உட்கார்ந்து, அவனே ஒரு வெள்ளைப் பலகையில் எழுதும்படி செய்யுங்கள். மற்றதைத் தனியாகக் கேளுங்கள், பேசலாம்.

ஈரோடு அம்மா, அந்த 16 படத்தையும் கழற்றிவிடுங்கள். முழு நாளையும் ஒரே பார்வையில் பார்த்து, அதில் தான் எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடிப்பதே அவனுக்குப் பெரிய வேலை. இப்போதைக்குக் காலை மட்டும் போதும். பல் தேய், குளி, யூனிஃபார்ம், சாப்பாடு, ஷூ. ஐந்தே அட்டைகள்.

போட்டோ உங்கள் போனில் எடுங்கள். அவன் பிரஷ், உங்கள் குழாய், அவன் யூனிஃபார்ம். உள்ளங்கை அளவு பிரிண்ட் போட்டு, அட்டையில் ஒட்டி, லேமினேட் செய்து, பின்னால் வெல்க்ரோ ஒட்டுங்கள். தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். சொரசொரப்பான பக்கம் எல்லா அட்டைக்கும், மென்மையான பக்கம் பலகைக்கு என்று ஒரே மாதிரி வையுங்கள். மாற்றி மாற்றி ஒட்டினால் சில அட்டைகள் பலகையில் நிற்காது. மேலிருந்து கீழாக ஒட்டி, அடியில் ஒரு பழைய கவரைத் தைத்து "முடிந்தது" பை ஆக்குங்கள். முடித்த அட்டையைப் பிய்த்து அதில் போடுவது அவன் வேலை. பிய்க்கும்போது வரும் அந்த 'சர்ர்' சத்தமே பல பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

பலகையை டிவிக்கு மேலே வைக்காதீர்கள். அவன் கண் உயரத்தில், பாத்ரூமுக்கும் துணி அலமாரிக்கும் நடுவில் இருக்கட்டும். சிக்கல் நடக்கிற இடத்தில் சார்ட் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதுதான் கஷ்டமானது. நீங்கள் பேசக்கூடாது. அவன் நின்றுபோனால் தோளைத் தொட்டு, பலகை வரை கூட்டிப்போய், அட்டையை விரலால் காட்டிவிட்டு விலகுங்கள். நீங்கள் வாயால் சொல்லும் வரை அவனுக்கு அம்மாதான் சார்ட்.

நசீமா
என் மகளுக்கு ஆட்டிசம், எங்களுக்கும் இந்தப் பைதான் உதவியது. ஆனால் அவள் வரிசை கொஞ்சம் மாறினாலும் அழுவாள், உங்கள் பையன் அப்படி இருக்கமாட்டானோ என்னவோ. நேரத்துக்கு நாங்கள் செய்தது இது. சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியில் 12 முதல் 4 வரை சிவப்பு மார்க்கரால் தீட்டிவிட்டோம். பெரிய முள் சிவப்புக்குள் இருக்கும் வரை சாப்பாட்டு நேரம். மணி பார்க்கத் தெரியாவிட்டாலும் அவளுக்குப் புரிந்தது.

ஈரோடு அம்மா
11 நாள் ஆகிறது, அதனால் எழுதுகிறேன். முதல் நாள் ஐந்து அட்டையையும் ஒரே மூச்சில் பிய்த்துப் பையில் போட்டுவிட்டு "முடிஞ்சுது" என்றான்! ஒன்றுமே செய்யவில்லை. இரண்டாம் நாளும் அதே. பிறகு ஒவ்வொரு அட்டையாக நானே பலகையில் வைத்தேன், அது பைக்குள் போன பிறகுதான் அடுத்தது. ஆறாம் நாளிலிருந்து யூனிஃபார்மும் ஷூவும் தானாகவே போடுகிறான். ஒருநாள் 7.35க்கே தயாராக நின்றான், எனக்கு அழுகை வந்துவிட்டது.

குளியல் மட்டும் நகரவில்லை. அதோடு, அவன் கண்முன் ஒவ்வொரு அட்டையும் பையில் விழும்போது நான் பேசாமல் இருக்கிறேன், ஆனால் மாமியார் பின்னாலிருந்து "டேய், சீக்கிரம்" என்கிறார்கள். அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மலர்விழி (சிறப்பு ஆசிரியை)
ஒவ்வொன்றாக வைத்தது நல்ல யோசனை. முதலில் பைதான் அவனுக்கு விளையாட்டு, வேலை இல்லை. இரண்டு வாரம் சரியாகப் போனால் இரண்டு அட்டை வையுங்கள், பிறகு மூன்று.

"குளி" என்பது ஒரு வேலை இல்லை, அதற்குள் ஐந்தாறு வேலை இருக்கிறது. பாத்ரூம் கதவின் உள்பக்கம் தனியாக நான்கு படம் ஒட்டுங்கள். தண்ணீர் ஊற்று, சோப்பு, தண்ணீர் ஊற்று, துண்டு. ஓரம் நன்றாக மூடிய லேமினேஷன் இல்லையென்றால் ஒரே வாரத்தில் தண்ணீர் இறங்கிவிடும். வாளியில் ஐந்து சொம்புத் தண்ணீர் மட்டும் நிரப்பிக் கொடுங்கள். வாளி காலியானால் குளியல் முடிந்தது என்று அவனுக்கே தெரியும்.

மாமியார் விஷயத்துக்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. அட்டையைப் பலகையில் வைக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்துப் பாருங்கள். சில வீடுகளில் அது வேலை செய்தது, சில வீடுகளில் அட்டையோடு அதட்டலும் சேர்ந்துவந்தது.

ஈரோடு அம்மா
வாளி யோசனையை நாளை செய்கிறேன். இன்னொன்று, வியாழன் அன்று வேன் வரவில்லை. அப்பா வண்டியில் விடுகிறேன் என்றார், ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டான். இதற்கு என்ன அட்டை வைப்பது?

நசீமா
நீல நிறத்தில் "இன்று மாற்றம்" அட்டை ஒன்று செய்யுங்கள். ஆனால் வேன் வராத நாளில் முதன்முதலாக எடுக்காதீர்கள். இந்த ஞாயிறு இட்லிக்குப் பதில் அவனுக்குப் பிடித்த பூரி போடும்போது அந்த அட்டையைக் காட்டுங்கள். நல்ல மாற்றத்துக்கு நான்கைந்து முறை பார்த்த பிறகுதான் என் மகள் அதைக் கண்டு பயப்படாமல் இருந்தாள்.

ஈரோடு அம்மா
பூரி சொன்னால் போதும், இப்போதே வருவான். ஞாயிறு அந்த அட்டையை எடுக்கிறேன்.