தையல் மெஷின் இரைச்சல் கீழ்வீட்டுக்கு இறங்குகிறது, வழி சொல்லுங்கள்

தண்டையார்பேட்டையில் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். வீட்டு ஓனரிடம் கேட்டுத்தான் ஆரம்பித்தேன், உத்யம் பதிவும் இருக்கிறது. மூன்று மாதம் முன்பு கிளட்ச் மோட்டார் வைத்த பழைய பவர் மெஷின் வாங்கினேன். அதிலிருந்து கீழ்வீட்டு அக்காவுக்குச் சங்கடம். அவர் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். அந்த அம்மா தூக்கம் கெடுவது எனக்கும் உறுத்துகிறது.

மெஷினைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டேன், கால்களுக்கு ரப்பர் வைத்தேன், மதியம் தைப்பதை விட்டேன். அப்புறம் மகளை மேலே நிறுத்திவிட்டு நானே கீழே போய்க் கேட்டேன். தைக்காமல் சுவிட்ச் மட்டும் போட்டாலும் இரைச்சல் இறங்குகிறது. பெடலை மிதித்தால் மட்டும் ஓடுகிற சர்வோ மோட்டார் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். ஓனர் இந்த மாதம் வரை பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

மாடி வீட்டில் சர்வோ மாற்றியவர்கள் சொல்லுங்கள்: கீழ்வீட்டில் சத்தம் நின்றதா?