ஒரு வருட வாடகை முன்கூட்டியே: எவ்வளவு குறைக்கக் கேட்கலாம்?

ஊறணி_வாசி: கல்லடியில் வீடு, மாதம் 25,000 ரூபா. 12 மாதக் காசையும் ஒரேயடியாகத் தந்தால் எவ்வளவு குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்? 10 வீதம் கேட்க நினைக்கிறேன். வீட்டுக்காரர் இரண்டு மாத டிபாசிட்டும் கேட்கிறார். நான் அரச ஊழியர், இடமாற்றம் வரக்கூடும்.

வாவிக்கரை: 10 வீதம் எண்டா 30,000. அது கூடிப்போச்சு தம்பி. அந்தக் காசு உங்கட கையில இருந்தா என்ன வட்டி வரும் எண்டு பாருங்க. முதல் மாதக் காசு எப்படியும் அன்றைக்குக் குடுக்கிறதுதான். கடைசி மாதக் காசை 11 மாதம் முந்திக் குடுக்கிறீங்க. சராசரியா ஐந்தரை மாதம் முந்தி. வங்கி வைப்புக்கு வருடம் 8 வீதம் எண்டு வைச்சா 3,00,000க்கு மாதம் 2,000. ஐந்தரை மாதத்துக்கு 11,000. அரை மாத வாடகைக்கும் குறைவு. ஆறு மாதம் மட்டும் குடுத்தா 2,500தான் வரும். வீட்டுக்காரர் அதுக்கு மேல ஏன் விடவேணும்?

உறுதிக்கட்டு: கணக்குச் சரி, ஆனால் யாருடைய வட்டி என்பதை விட்டுவிட்டீர்கள். வீட்டுக்காரர் கூரை போட நகையை அடைவு வைக்கப் போகிறார், அதற்கு வருடம் 18 வீதம் என்று வையுங்கள். உங்கள் 3,00,000 அவருக்கு 24,750 மிச்சப்படுத்தும். பேரம் 11,000க்கும் 24,750க்கும் இடையில்தான். அவருக்கு இப்போது காசு ஏன் தேவை என்று விசாரித்துவிட்டுக் கேளுங்கள். சும்மா வங்கியில் போடுகிறவர் என்றால் வாவிக்கரை சொன்னதுக்கு மேல் அசையமாட்டார்.

அக்கரைப்பற்று_கடை: எனக்கும் இதே பிரச்சினைதான் சேர். கடைக்கு 5 இலட்சம் கீ மணி கேட்கிறார்கள். அதற்கும் வாடகை குறைக்கச் சொல்லலாமா?

உறுதிக்கட்டு: அது வேறு. வெளியேறும்போது திரும்பி வரும் காசு என்றால், அது இருக்கிற காலம் முழுக்க வட்டியைத்தான் நீங்கள் இழக்கிறீர்கள். திரும்பி வராது என்றால் அது வாடகையின் ஒரு பகுதியே. எது என்று எழுத்தில் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

ஊறணி_வாசிக்கு: இரண்டு மாத டிபாசிட் இங்கே பொருந்தவில்லை. டிபாசிட் வாங்குவது முக்கியமாக வாடகை கட்டாமல் போனால் பிடித்துக்கொள்ள. முழு வருடமும் கட்டிவிட்டால் உடைசலும் கரண்ட், தண்ணி பில்லும்தான் மிச்சம், ஒரு மாத டிபாசிட் தாராளம். கழிவை விட இதைக் கேட்பது சுலபம், 25,000 உடனே உங்கள் கையில் நிற்கும்.

வாவிக்கரை: அதை ஒத்துக்கொள்றன். ஆனா கழிவு வாங்கினவர் இடையில போனா? வீட்டுக்காரர் காசைச் செலவழிச்சிருப்பார்.

உறுதிக்கட்டு: அதைத்தான் முதலில் எழுத வேண்டும். 15,000 கழித்து 2,85,000 கொடுத்தார் என்று வைப்போம். ஏழு மாதத்தில் இடமாற்றம். கழிவு விலையிலேயே மாதத்தைப் பிரித்தால் ஒன்றுக்கு 23,750, ஐந்து மாதத்துக்கு 1,18,750 திரும்ப வர வேண்டும். கழிவை இரத்துச் செய்து ஏழு மாதத்தையும் 25,000 ஆகக் கணக்குப் பார்த்தால் 1,10,000. இரண்டில் எது, எத்தனை நாள் அறிவித்தல், எத்தனை நாளில் திருப்புவது, மூன்றும் எழுத்தில் வேண்டும். இல்லாவிட்டால் 8,750க்காகச் சண்டை பிடிப்பீர்கள்.

இன்னொன்று, நம்ம ஊரில் இதுதான் அதிகம் தவறுவது. வீடு பெரும்பாலும் சீதனமாக மனைவி பெயரிலோ மகள் பெயரிலோ இருக்கும்; பேசுவதும் காசு வாங்குவதும் தகப்பன். உறுதியைப் பார்த்து, அதில் பெயர் உள்ளவரிடமே கையொப்பம் வாங்குங்கள். மகளுக்குக் கலியாணம் சரிவந்து, "வீட்டை விடுங்க" என்று சொல்லும்போதுதான் இது தெரியவரும்.

கல்லாறு_பார்வை: இரண்டு சாட்சி வைத்து முத்திரை ஒட்டி எழுதினால் போதும்தானே? எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

உறுதிக்கட்டு: காசு கொடுத்ததற்குச் சாட்சியாக உதவும். குத்தகையாக நிற்காது. 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுத வேண்டும். இல்லாவிட்டால் மாத வாடகைக்காரராகத்தான் பார்க்கப்படுவீர்கள். எழுதியதைக் காணிப் பதிவகத்திலும் பதியுங்கள், வீடு கைமாறினால் அதுதான் உதவும்.

கல்லாறு_பார்வை: அந்தச் செலவோடு 15,000 கழிவில் என்ன மிஞ்சும்?

வாவிக்கரை: அதுதான் நான் சொல்றது. ஆறு மாதம் குடுங்க, கழிவு கேக்காதீங்க. பதிலா ரெண்டாம் வருடமும் 25,000ஐக் கூட்டமாட்டன் எண்டு எழுதி வாங்குங்க. மாரியில கிணத்து மோட்டர் பழுதானாலும், தண்ணி உள்ள வந்தாலும், வாடகை இன்னும் குடுக்க இருக்கிறவருக்குத்தான் வீட்டுக்காரர் ஓடி வருவார்.

உறுதிக்கட்டு: மோட்டர் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் இரண்டாம் வருட வாக்குறுதியும் ஒரு மாதத்துக்கு மேற்பட்டதுதான். அதற்கும் நொத்தாரிசிடம் போகத்தான் வேண்டும்.

ஊறணி_வாசி: உறுதியை நாளைக்குக் கேட்கிறேன். வீட்டுக்காரர் கூரை ஓடு மாற்றத்தான் காசு தேடுகிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். 20,000 கழிவும் ஒரு மாத டிபாசிட்டும் என்று தொடங்கலாமா?

உறுதிக்கட்டு: தொடங்குங்கள். 15,000க்குக் கீழே இறங்கினால் ஆறு மாதத்துக்கு மாறிவிடுங்கள்.