புதுப்பிப்பு: பூட்டிய வீட்டுக் கணக்கு

போன வாரம் நான் கேட்டது: “செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கிற வீடு எத்தனைன்னு 2011 சென்சஸை வச்சு சொல்லலாமா?”

முழுசா முடியாது. சிவகங்கை மாவட்ட வீட்டுப் பட்டியலில் மொத்தம், ஊரகம், நகரம்னு மூணு வரி. எல்லாத்தையும் கூட்டினதில் கணக்கு இரட்டிப்பாயிடுச்சு. ‘மொத்தம்’ வரியை எடுத்துட்டு, மத்த ரெண்டின் கூட்டுத்தொகை அதோட ஒத்துப்போகுதான்னு பார்த்தேன், சரியா வந்தது.

‘காலி’யும் ‘ஆளிருந்தும் பூட்டியது’ம் தனித்தனிப் பத்தி. “ரெண்டையும் கூட்டிடு”ன்னான் நண்பன். பாதி சரி, ஆனா ரெண்டு நாள் ஊருக்குப் போனவங்க வீடும் அதில் சேர்ந்துடும்.

கானாடுகாத்தான் ஆச்சி, “எங்க வீட்டில் வாட்ச்மேன் குடும்பம்தான் இருக்கு”ன்னாங்க. அது குடியிருக்கிற வீடாத்தான் பதிவாகும்.

கணக்கெடுப்பில் வேலை பார்த்த சித்தப்பா இன்னொண்ணு சொன்னார்: செட்டிநாடு சென்சஸ் எல்லையே இல்லை, புதுக்கோட்டைப் பக்கமும் ஊர்கள் இருக்கு. அதனால தலைப்பை ‘சிவகங்கை மாவட்டம், காலி வீடுகள்’னு மாத்திட்டேன். புதுக்கோட்டை ஊர்களை எப்படிச் சேர்க்கிறதுன்னு இன்னும் பிடிபடலை.