நெடுவரிசையில் ஏரிகள், வரிசையில் விவரங்கள்: படத்தில் உள்ள அட்டவணையைத் திருப்பும்போது எண்கள் இடம் மாறுகின்றன

மேடவாக்கத்தார்:
வணக்கம். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் பழைய நீர் இருப்புத் தாள்கள் ஸ்கேன் செய்த படங்களாக என்னிடம் உள்ளன. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய பெயர்கள் மேலே நெடுவரிசைத் தலைப்புகளாகவும், முழுக் கொள்ளளவு, நீர் இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம் ஆகியவை இடப்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகவும் அச்சாகியுள்ளன. எனக்கோ ஓர் ஏரிக்கு ஒரு வரிசை என்ற அமைப்பு வேண்டும். ஓசிஆர் செய்து, எக்செலில் TRANSPOSE சூத்திரத்தால் திருப்பியதும் சோழவரத்தின் நீர் இருப்பு 2,105 மில்லியன் கன அடி என்றும், செம்பரம்பாக்கத்தின் இருப்பு 0 என்றும் வந்தன. படத்தில் செம்பரம்பாக்கத்துக்கு 2,890 என்று தெளிவாகவே இருக்கிறது. பிழை எங்கே நேர்ந்தது என்று சொல்ல முடியுமா?

வேளச்சேரி_கணினி:
ஓசிஆருக்கு முன்பே படத்தை 90 பாகை சுழற்றிவிடுங்கள். நெடுவரிசைகள் தாமாகவே வரிசைகளாகிவிடும். பிறகு எக்செலில் எதையும் திருப்ப வேண்டியிருக்காது.

அட்டவணைக்காரர்:
பக்கமே பக்கவாட்டில் ஸ்கேன் ஆகியிருந்தால் நண்பர் சொல்வது சரி. இங்கே எழுத்துகள் நேராக இருப்பதால், சுழற்றினால் அவையும் படுத்துவிடும். ஓசிஆர் அவற்றைத் தவறாகப் படிக்கும். அதோடு, வலப்புறமாகச் சுழற்றும்போது இடப்பக்க விவரங்களின் வரிசைமுறை தலைகீழாகி, வெளியேற்றம் முதலிலும் கொள்ளளவு கடைசியிலும் வரும். ஆகவே படத்தை உள்ளபடியே படிக்கவிட்டு, கிடைக்கும் தரவை மட்டும் திருப்புங்கள்.

மேடவாக்கத்தார் அவர்களே, படத்தில் சோழவரத்தின் நீர் இருப்புக் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த வரிசையில் ஓசிஆருக்குக் கிடைத்தவை மூன்று எண்கள் மட்டுமே. அது அவற்றை இடமிருந்து அடுக்கியதால் புழலின் எண் சோழவரத்துக்கும், செம்பரம்பாக்கத்தின் எண் புழலுக்கும் நகர்ந்திருக்கும். சோழவரத்தின் முழுக் கொள்ளளவே 1,081 மில்லியன் கன அடிதான் என்பதால் 2,105 அங்கே இருக்கவே முடியாது. புழலுக்கு நகர்ந்த 2,890 மட்டும் அதன் கொள்ளளவான 3,300க்குள் அடங்கிவிடுவதால் கண்ணில் படாமல் தப்பிவிடும்.

தாம்பரம்_ஆசிரியை:
என் மதிப்பெண் பட்டியலிலும் மாணவர் பெயர்கள் மேலேதான் இருந்தன. நான் சூத்திரம் எதுவும் எழுதாமல், நகலெடுத்து Paste Special வழியாக Transpose தேர்ந்தெடுத்தேன். ஒரு தவறும் வரவில்லை. உங்கள் சூத்திரத்தில்தான் கோளாறு என்று நினைக்கிறேன்.

அட்டவணைக்காரர்:
எண்கள் நகர்ந்ததற்குச் சூத்திரம் காரணம் அல்ல, அம்மா. ஆனால் 0 வந்ததற்கு அதுவே காரணம். TRANSPOSE காலிக் கட்டத்தை 0 ஆக்கிக் காட்டும். நீங்கள் சொன்ன வழியில் காலி காலியாகவே நிற்கும். ஏரிகள் ஏறத்தாழ வறண்டுபோன 2019 கோடையை நினைத்தால், பதிவே இல்லாத நாளும் நீரே இல்லாத நாளும் ஒன்றாகிவிடுவது எவ்வளவு பெரிய பிழை என்பது விளங்கும். சூத்திரமே வேண்டுமென்றால் இப்படி எழுதலாம்:

```
=TRANSPOSE(IF(A1:E5="","",A1:E5))
```

எண்கள் நகராமல் இருக்க, ஒவ்வொரு சொல்லும் படத்தில் நிற்கும் இடத்தையும் சேர்த்துப் பெற வேண்டும்:

```
tesseract thaal.png thaal -l tam+eng --psm 6 tsv
```

கிடைக்கும் கோப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் left, width என்ற அளவுகள் இருக்கும். left உடன் width இல் பாதியைக் கூட்டினால் சொல்லின் நடுப்புள்ளி கிடைக்கும். அது எந்த ஏரித் தலைப்பின் நடுப்புள்ளிக்கு மிக அருகில் இருக்கிறதோ, அந்த ஏரிக்கு அந்த எண்ணைக் கொடுங்கள். எதுவும் சேராத கட்டம் காலியாகவே நிற்கட்டும். தாள் சாய்ந்து ஸ்கேன் ஆகியிருந்தால் கீழ் வரிசைகளில் எண்கள் பக்கத்து நெடுவரிசையை நோக்கி விலகும் என்பதால், சாய்வை முதலில் நேராக்கிவிடுங்கள்.

மேடவாக்கத்தார்:
மிக்க நன்றி, ஐயா. சோழவரத்தின் கட்டம் காலியாகத்தான் இருந்தது. இடத்தை வைத்துப் பிரித்ததும் 2,105 புழலுக்கும் 2,890 செம்பரம்பாக்கத்துக்கும் சென்று சேர்ந்தன. ஆனால் நீர்வரத்து வரிசையில் சில கட்டங்கள் காலியாகவும் சில சிறு கோடாகவும் உள்ளன. கோட்டை 0 என்று கொள்ளலாமா?

வேளச்சேரி_கணினி:
அரசுத் தாள்களில் கோடு என்றால் இல்லை என்றுதானே பொருள்? 0 என்றே போடலாம்.

அட்டவணைக்காரர்:
உடனே அப்படி மாற்ற வேண்டாம். கோட்டை எழுத்தாகவே வைத்திருங்கள். நீர்வரத்தை இருப்பின் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்: விநாடிக்கு 100 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் வந்தால் 8.64 மில்லியன் கன அடி சேரும். கோடு உள்ள நாளில் வெளியேற்றம் இருந்தும் மறுநாள் இருப்பு உயர்ந்திருந்தால், அந்தக் கோடு 0 அல்ல. இருப்பு குறைந்திருந்தால் இந்தக் கணக்கு எதையும் உறுதி செய்யாது. ஆவியாதலும் அதில் கலந்திருக்கும். உங்களிடம் அடுத்தடுத்த நாள்களின் தாள்கள் உள்ளனவா?

மேடவாக்கத்தார்:
சில வாரங்களுக்கு மட்டுமே தொடர்ச்சியாக உள்ளன. அவற்றைச் சரிபார்த்துவிட்டு எழுதுகிறேன். மற்ற நாள்களின் கோடுகளை இப்போதைக்குக் கோடாகவே விட்டுவிடுகிறேன்.