கரும்பலகை ஃப்ளோசார்ட் போட்டோ: திரும்பி வரும் அம்பு எந்தக் கட்டத்துக்குப் போகிறது?

மலர்விழி: மீப்பெரு பொது வகுத்தி காணும் ஃப்ளோசார்ட். பார்வையற்ற மாணவருக்காக எழுத்தில் தர வேண்டும். "B = 0?" என்ற டைமண்டிலிருந்து ஒரு கோடு கீழே, இன்னொன்று வலப்பக்கம். கீழே போகும் வரிசையின் கடைசிக் கட்டத்திலிருந்து ஓர் அம்பு இடப்பக்கமாக மேலே ஏறுகிறது. அது சேரும் இடத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் அடித்து ஒன்றும் தெரியவில்லை.

செந்தில்: ஓசிஆர் போட்டுப் பாருங்களேன்? என் பில் எல்லாம் அழகாக வந்தது.

மலர்விழி: எழுத்து வருகிறது சார், அம்புதான் வரவில்லை.

பிரபு: ஆம் கீழே, இல்லை வலப்பக்கம். எப்போதும் அப்படித்தான் வரைவார்கள்.

கோமதி: பெரும்பாலும் அப்படித்தான் பிரபு, ஆனால் அது கட்டாயம் இல்லை. டைமண்டை விட்டு வெளியேறும் இடத்தில் கோட்டை ஒட்டி என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

மலர்விழி, முதலில் கட்டங்களுக்கு எண் போடுங்கள். பிறகு ஓர் அம்புக்கு ஒரு வரி:

```
1 தொடக்கம் -> 2
2 A, B உள்ளிடு -> 3
3 B = 0?  ஆம் -> 6
3 B = 0?  இல்லை -> 4
4 R = A mod B -> 5
5 A = B, B = R -> ?
6 A அச்சிடு -> 7
7 முடிவு
```

டைமண்டுக்கு இரண்டு வரி வர வேண்டும், முடிவுக்கு அம்பு கிடையாது, மற்றவற்றுக்கு ஒன்று. இங்கே மொத்தம் 7 அம்பு. போட்டோவில் எண்ணி 6 வந்தால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

மலர்விழி: போட்டோவில் ஆம் வலப்பக்கம்தான் இருக்கிறது, நீங்கள் போட்டபடியே 6-க்குப் போகிறது. அம்பும் 7. அந்தக் கேள்விக்குறிக்கு என்ன செய்வது?

கோமதி: 48, 18 கொடுத்து ஓட்டிப் பாருங்கள். 5-லிருந்து 2-க்குப் போனால், ஒவ்வொரு சுற்றிலும் புது எண் கேட்கும். கணக்கிட்ட R வீணாகும். 4-க்குப் போனால், A = 6, B = 0 ஆனபின்னும் வகுக்கும்; பூஜ்ஜியத்தால் வகுத்து நின்றுவிடும். 3-க்குப் போனால் (48, 18), (18, 12), (12, 6), (6, 0) என்று இறங்கி 6 அச்சாகும். ஆகவே 3. அம்பு டைமண்டைத் தொடாமல் 2-க்கும் 3-க்கும் நடுவிலுள்ள கோட்டில் சேர்ந்தாலும் 3 என்றே எழுதுங்கள். அந்தக் கோடு நுழையும் கட்டம்தான் முக்கியம்.

ரஹீம்: இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆசிரியரே தப்பாக வரைந்திருந்தால்? படியெடுப்பவர் திருத்தக் கூடாது. "5 -> தெரியவில்லை" என்று விடுவதே நேர்மை.

கோமதி: திருத்தவில்லை ரஹீம். "5 -> 3 (படத்தில் மறைந்துள்ளது, கணக்கை வைத்து ஊகித்தது)" என்று எழுதலாம். வெறுமனே தெரியவில்லை என்று விட்டால் மாணவர் சுற்றை முடிக்க முடியாது.

ரஹீம்: பாடத்துக்குச் சரி. விடைத்தாளாக இருந்தால் நான் ஊகத்தை எழுத மாட்டேன்.

மலர்விழி: இது பாடம்தான். குறிப்போடு 3 என்று போடுகிறேன். வகுப்பில் யாராவது வேறு கோணத்தில் எடுத்திருக்கிறார்களா என்றும் கேட்கிறேன்.